சிங்கப்பூர் வொர்க் பர்மிட்டில் கூடுதல் வேலை: எது சட்டப்படி சரி, அதை எப்படிச் சரிபார்ப்பது

சிங்கப்பூரில் வொர்க் பர்மிட்டில் வேலை செய்யும் ஊழியர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கிறது, ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் ஊரில் வட்டியோடு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமையோ விடுமுறையாக இருக்கிறது, அந்த ஒரு நாளில் வேறு எங்காவது வேலை பார்த்தால் என்ன? இதற்குச் சட்டம் தரும் பதிலில் இரண்டு பாதிகள் உள்ளன. வேறொருவரிடம் இரண்டாவது வேலை பார்க்கக் கூடாது என்பது முதல் பாதி. சொந்த கம்பெனியிலேயே கூடுதல் நேரம் வேலை செய்யலாம், அந்த நேரத்துக்கு எவ்வளவு கூலி என்பதையும் சட்டமே நிர்ணயித்திருக்கிறது என்பது இரண்டாவது பாதி. முதல் பாதியைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவது பாதி தெரியாததால் மாதந்தோறும் பணம் கைநழுவிப் போகிறது என்பதால், இந்தக் கட்டுரை அதற்கே கூடுதல் இடம் ஒதுக்குகிறது.

முதலில் தடையைப் பார்ப்போம். வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு அமர்த்துவது குறித்த சிங்கப்பூர்ச் சட்டத்தின்படி, வொர்க் பர்மிட் வைத்திருப்பவர் பர்மிட்டில் குறிப்பிடப்பட்ட முதலாளியிடம் மட்டுமே, அதில் குறிப்பிடப்பட்ட தொழிலையும் துறையையும் சேர்ந்த வேலையை மட்டுமே செய்யலாம். அவர் எந்த வியாபாரத்திலும் ஈடுபடக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது என்பது பர்மிட்டோடு வரும் இன்னொரு நிபந்தனை. செல்லுபடியாகும் பர்மிட் இல்லாமல் ஒரு வேலையைச் செய்து பிடிபடும் ஊழியருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவரை வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இவற்றையெல்லாம்விட ஊழியரை அதிகம் பாதிப்பது, கையில் இருக்கும் பர்மிட்டே ரத்தாகி, மறுபடியும் சிங்கப்பூரில் வேலைக்கு வர முடியாத நிலை ஏற்படுவதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைக்கும் அறுபது எழுபது வெள்ளிக்காக இரண்டு மூன்று வருடச் சம்பாத்தியத்தைப் பணயம் வைப்பதாகிவிடும்.

தடை எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஞாயிறு மட்டும் பாத்திரம் கழுவுவது இரண்டாவது வேலைதான், சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் அதுவே. நண்பருடைய பெயரில் உள்ள கணக்கை வாங்கிக்கொண்டு உணவு டெலிவரிக்குப் போவதும் சட்டவிரோதம். கணக்கு யாருடையது என்பது முக்கியமல்ல, சைக்கிளை ஓட்டுபவருக்கு அந்த வேலைக்கான அனுமதி இல்லை என்பதே முக்கியம். தங்கும் விடுதியில் காசு வாங்கிக்கொண்டு முடி வெட்டுவது, சமைத்துப் பொட்டலம் போட்டு விற்பது, சிம் கார்டு டாப்-அப் விற்பது போன்றவை தொழிலாளர்களுக்குள் நடக்கும் சின்ன உதவிகளாகத் தோன்றினாலும், அவை சுயதொழில் என்ற நிபந்தனைக்குள் வந்துவிடுகின்றன. அறைத்தோழருக்கு நட்புக்காக முடி வெட்டிவிடுவதில் குற்றமில்லை. அதற்கு விலை வைத்து வாராவாரம் வரிசையில் ஆட்களை உட்கார வைக்கும்போதுதான் அது தொழிலாகிறது.

இதைவிட ஆபத்தான சூழல் ஒன்று உண்டு. அது ஊழியர் தேடிப் போவதல்ல, முதலாளியே கொண்டுவருவது. பல சிறு ஒப்பந்தக்காரர்கள் இரண்டு மூன்று கம்பெனிகளைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். முதலாளி அதே ஆள், லாரி அதே லாரி, சூப்பர்வைசரும் அதே ஆள். ஆனால் இன்று போகச் சொல்லும் வேலை அவருடைய இன்னொரு கம்பெனி எடுத்த வேலையாக இருக்கும். பர்மிட் என்பது முதலாளியின் முகத்தோடு அல்ல, பதிவு செய்யப்பட்ட கம்பெனியின் பெயரோடு கட்டப்பட்டது. ஆகையால் அவருடைய இரண்டாவது கம்பெனியும் சட்டத்தின் பார்வையில் வேறு முதலாளிதான். கட்டுமானத் தொழிலாளியை முதலாளியின் கடையில் விற்பனைக்கு நிறுத்துவதும் அவருடைய வீட்டில் வேலை செய்யச் சொல்வதும் தொழிலையும் துறையையும் பற்றிய நிபந்தனையை மீறுவதாகும். மறுபுறம், துணை ஒப்பந்தத்தில் வேறொரு பெரிய கம்பெனியின் சைட்டில் வேலை செய்வதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கட்டுமானத் துறையில் அது வழக்கமான ஏற்பாடு. அங்கே பார்க்க வேண்டியது, உங்கள் கம்பெனி எடுத்த பணியை உங்கள் கம்பெனியின் ஊழியராகவே செய்கிறீர்களா, அதற்கான சம்பளம் அதே கம்பெனியிலிருந்து வருகிறதா என்பதைத்தான்.

சரிபார்க்கும் முறை அப்படியொன்றும் கடினமானதல்ல. முதலில் பர்மிட் அட்டையை எடுத்து, அதிலுள்ள முதலாளியின் பெயரையும் துறையையும் எழுத்துக்கு எழுத்து படியுங்கள். அட்டையில் உள்ள கியூஆர் குறியை SGWorkPass செயலியால் ஸ்கேன் செய்தால், பர்மிட் இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். அடுத்து, சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்பு கொடுக்கப்பட்ட, ஐபிஏ என்று சொல்லப்படும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை எடுங்கள். ஊழியருக்குப் புரியும் மொழியிலும் அது தரப்படுகிறது. செய்யவேண்டிய வேலை, அடிப்படை மாதச் சம்பளம், நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள் ஆகியவை அதில் தனித்தனியாக இருக்கும். இந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாமல், வந்த முதல் வாரத்திலேயே போனில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் முன்னால் வைக்கப்படும் வேலையை ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளம் தரப்போகும் கம்பெனியின் பெயர் அட்டையில் உள்ள அதே பெயரா? வேலை, கடிதத்தில் உள்ள அதே தொழிலா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும், எம்ஓஎம் என்று சொல்லப்படும் மனிதவள அமைச்சைக் கேட்காமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது. "நான் எம்ஓஎம்மிடம் பேசிவிட்டேன், பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இனி அனுமதிக்கப்பட்ட கூடுதல் வேலைக்கு வருவோம். தொழிலாளர்கள் ஓடி என்று சொல்லும் மிகைநேர வேலைதான் அது. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மிகாத உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குப் பொருந்தும். அதாவது கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் பர்மிட்டில் இருப்பவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும். வாரத்துக்கு 44 மணி நேரம் வழக்கமான வேலை. அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும், ஒரு மணி நேர அடிப்படைக் கூலியைப் போல ஒன்றரை மடங்காவது தரப்பட வேண்டும். சாப்பாட்டு நேரமும் ஓய்வு நேரமும் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு மணி நேர அடிப்படைக் கூலியைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, வரும் தொகையை 52 பெருக்கல் 44, அதாவது 2,288 ஆல் வகுக்க வேண்டும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கட்டுமான ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணக்கு இப்படி வரும்:

```
மணிக் கூலி  = (12 × 800) ÷ (52 × 44) = 4.20
ஓடி கூலி    = 4.20 × 1.5 = 6.30
நாள் கூலி   = (12 × 800) ÷ (52 × 6) = 30.77
```

இவருடைய ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 44 மணி நேரம் என்று இருக்கிறது. ஆனால் சைட்டில் காலை 8 மணிக்குத் தொடங்கி, ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை போக, இரவு 7 மணி வரை வேலை நடக்கிறது. ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60. ஆகவே வாரத்துக்கு 16 மணி நேரம் ஓடி. 26 வேலை நாள் உள்ள மாதத்தில் அது 69 மணி 20 நிமிடம் ஆகிறது. ஒன்றரை மடங்குக் கூலியில் அதற்குச் சுமார் 436 வெள்ளி வர வேண்டும். ஆனால் சில இடங்களில் ஓடிக்கும் சாதாரண மணிக் கூலியையே போடுவார்கள். அப்படிப் போட்டால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 291 வெள்ளி. அந்த மாதத்தில் மட்டும் 145 வெள்ளி குறைகிறது. இந்தத் தொகையை ஈடுகட்டத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமை கள்ளத்தனமாக வேறு வேலை தேடிப் போகிறார் என்றால், அவருக்குச் சட்டப்படி வரவேண்டிய பணம் ஏற்கெனவே அவருடைய சொந்த கம்பெனியில் நிற்கிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்றுதான் பொருள். இதை எழுதுவதற்கான முதன்மைக் காரணமும் அதுவே.

இந்தக் கணக்கில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓடி கணக்கிடப்படுவது அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். சாப்பாட்டுப் படி, தங்குமிடப் படி போன்றவை அதில் சேராது. ஏஜென்ட் ஊரில் வாயால் சொன்ன சம்பளம் 1,000 வெள்ளியாக இருந்து, ஐபிஏ கடிதத்தில் அடிப்படை 600, படி 400 என்று பிரிக்கப்பட்டிருந்தால், மாதச் சம்பளம் மாறாததுபோலத் தெரிந்தாலும் ஓடி கூலி 800 வெள்ளி அடிப்படை உள்ளவருடையதைவிடக் கால் பங்கு குறைந்துவிடும். புறப்படுவதற்கு முன்பே கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அல்லது கம்பெனி வேறொரு நாளை ஓய்வு நாளாக வைத்திருந்தால் அந்த நாள், தனிக் கணக்கு. அங்கே கூலியைத் தீர்மானிப்பது, வேலைக்கு வரும்படி கேட்டது யார் என்பது. முதலாளி கேட்டு நீங்கள் வந்தால், வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரை செய்ததற்கு ஒரு நாள் கூலியும், பாதிக்கு மேல் செய்ததற்கு இரண்டு நாள் கூலியும் உண்டு. நீங்களாகக் கேட்டு வேலை செய்தால் பாதி வரை அரை நாள் கூலி, பாதிக்கு மேல் ஒரு நாள் கூலி. நம் ஊழியருடைய கணக்கில், முதலாளி அழைத்து வந்த முழு ஞாயிறு 61.54 வெள்ளி, அவரே கேட்டு வந்த ஞாயிறு 30.77 வெள்ளி. வழக்கமான நேரத்தைத் தாண்டி அன்றைக்கும் இரவு 7 மணி வரை நின்றால், தாண்டிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தனியாகச் சேர வேண்டும். எனவே ஞாயிறு வேலைக்கு வரச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். அந்தச் செய்திதான் நீங்கள் கேட்டுப் போகவில்லை, அவர்கள் கேட்டுப் போனீர்கள் என்பதற்கான சான்று. நீங்களாகவே விரும்பி வந்ததாக அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்டால், உண்மை அதுவல்ல என்றால் போடக் கூடாது. பொதுவிடுமுறையில் வேலை செய்தால், அன்றைக்கு வழக்கமாகத் தரப்படும் கூலிக்கு மேல் இன்னும் ஒரு நாள் அடிப்படைக் கூலி உண்டு. தீபாவளிக்கும் இது பொருந்தும்.

சொந்த கம்பெனியில் என்பதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்றும் இல்லை. ஓடியையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாதத்துக்கு மொத்த ஓடி 72 மணி நேரம் என்பவை எல்லைகள். விபத்து, இயந்திரங்களில் அவசரப் பழுது, எதிர்பாராத தடை போன்ற சில சூழ்நிலைகளில் மட்டும் நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாம். மாதம் 72 மணியைத் தாண்ட வேண்டுமென்றால் கம்பெனி மனிதவள அமைச்சிடம் விலக்கு பெற வேண்டும். ஓய்வு நாளிலும் பொதுவிடுமுறையிலும் வழக்கமான நேரத்துக்குள் செய்த வேலை இந்த 72இல் சேராது. அந்த நாள்களில் வழக்கமான நேரத்தைத் தாண்டிச் செய்தது சேரும். நம் ஊழியர் இரவு 7 மணிக்கு முடித்தால் 69 மணி 20 நிமிடம், எல்லைக்குள் இருக்கிறார். அதே சைட் தினமும் இரவு 9 மணி வரை நீண்டால், நாளொன்றுக்கு 4 மணி 40 நிமிடம் ஓடியாகி, 16ஆம் வேலை நாளிலேயே 72ஐத் தாண்டிவிடும். அதற்குப் பிறகும் வேலை நடந்தால் எல்லையை மீறியது கம்பெனி. செய்த மணிக்குக் கூலி தரும் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. சில இடங்களில் சம்பளச் சீட்டில் ஓடி 72 மணியோடு நின்றுவிடும், மீதி "அலவன்ஸ்" என்ற பெயரில் ஒரு குறைந்த தொகையாக வரும். சீட்டில் மாதாமாதம் ஓடி சரியாக 72 என்றே இருந்தால், உங்கள் சொந்தக் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சொந்தக் கணக்கு என்பது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, சைட்டின் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, அன்று உடனிருந்த சூப்பர்வைசர் ஆகியவற்றை அன்றன்று இரவே எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய கணக்குக்கு விசாரணையில் அதிக மதிப்பு இருக்காது. டைம் கார்டில் கையெழுத்துப் போடும் முன் அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். வெற்று டைம் கார்டில் கையெழுத்துப் போடவே கூடாது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் சட்டக் கடமை. அதில் ஓடி எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். சம்பளம் அதற்குரிய காலம் முடிந்து 7 நாள்களுக்குள்ளும், ஓடி கூலி 14 நாள்களுக்குள்ளும் வந்துசேர வேண்டும். ஆகவே சம்பளத்தோடு ஓடி வரவில்லை என்று உடனே பதற வேண்டியதில்லை. 14 நாள் கடந்தும் வரவில்லை என்றால் கேட்கலாம்.

கேட்டும் கிடைக்காவிட்டால், டாடம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிணக்குத் தீர்வுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் சம்பளக் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். அங்கே முடியாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். இதில் காலக்கெடு மிகவும் முக்கியம். வேலையில் இருப்பவர் கடந்த ஓராண்டுக்குள் சேர்ந்த பாக்கியைத்தான் கோர முடியும். வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். ஊருக்குப் போய்விட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருந்து, கையில் எல்லாச் சான்றும் இருந்தும் பணத்தை இழந்தவர்கள் உண்டு. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மனிதவள அமைச்சின் எண் 6438 5122. பேசும்போது பர்மிட் அட்டை, ஐபிஏ கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பேச்சு விரைவில் பயனுள்ளதாகிவிடும். முதலாளி உங்களை வேறு கம்பெனிக்கு வேலை செய்ய அனுப்புகிறார் என்றாலும் இதே எண்கள்தான். அமைச்சின் அதிகாரிகள் சைட்டுக்கு வந்து கண்டுபிடிப்பதற்கு முன்பாக நீங்களே போய்ச் சொல்வதற்கும், பிடிபட்ட பிறகு விளக்கம் சொல்வதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வீட்டுப் பணிப்பெண்களாக இருக்கும் சகோதரிகளுக்கு மேலே சொன்ன ஓடி கணக்கு பொருந்தாது, ஏனென்றால் வேலை நியமனச் சட்டம் அவர்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. அவர்களுக்கு ஓய்வு நாள் உரிமை தனி விதிகளின் கீழ் வருகிறது. ஓய்வு நாளில் வேலை செய்யச் சம்மதித்தால் குறைந்தது ஒரு நாள் கூலியோ, அதற்குப் பதிலாக வேறொரு ஓய்வு நாளோ தரப்பட வேண்டும். ஆனால் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்ற விதி 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. பதிவு செய்யப்பட்ட வீட்டைத் தவிர முதலாளியின் கடையிலோ நண்பர் வீட்டிலோ வேலை செய்வது அவர்களுக்கும் தடைதான்.

ஓடியைச் சரியாக வாங்கியும் வருமானம் போதவில்லை என்பவருக்குச் சட்டப்படி மிஞ்சியிருக்கும் பாதை, இரண்டாவது வேலை அல்ல, வேறு முதலாளிக்கு மாறுவது. கட்டுமானத் துறையில் இப்போதைய முதலாளியின் சம்மதத்தோடு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். சம்மதம் இல்லாமல் மாறுவதற்கு, பர்மிட் முடியும் நாளுக்கு முன்பு 40ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை ஒரு இடைவெளி தரப்பட்டிருக்கிறது. அந்த நாள்களில் புதிய கம்பெனி உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே திறன் தகுதியும் கைகொடுக்கும்: 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைத் திறன் பிரிவில் உள்ள கட்டுமான ஊழியருக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி லெவி என்ற கட்டணம் கட்டுகிறார், உயர்திறன் பிரிவில் உள்ளவருக்கு 500 வெள்ளி. உயர்திறன் பிரிவுக்குப் போன ஊழியரால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சமாகிறது என்பதைச் சம்பளம் பேசும்போது தயங்காமல் சுட்டிக்காட்டலாம். ஆனால் புதிய கம்பெனியின் பெயரில் பர்மிட் வெளியாகும் வரை அங்கே ஒரு நாள்கூட "ட்ரையல்" என்ற பெயரில் வேலை செய்யக் கூடாது, பழைய பர்மிட் இன்னும் நடப்பில் இருந்தாலும்.